படம் ஓடும்போது பேசுவது: ஊர் விளையாட்டு விழாப் படத்துக்கு எட்டாம் வகுப்பு எழுதிய நேரடி வர்ணனை

நான் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் தமிழாசிரியர். பொங்கலையொட்டி எங்கள் ஊரில் நடக்கும் விளையாட்டு விழா பள்ளி மைதானத்தில்தான் நடக்கும். சென்ற ஆண்டு அந்த விழாவை எங்கள் அறிவியல் ஆசிரியர் தம் கைபேசியில் படம் பிடித்தார். மூன்று மணி நேரத்துக்கு மேல் இருந்த துண்டுகளைச் சேர்த்து, 14 நிமிடப் படமாக வெட்டினார். ஆண்டு விழா இரவில் அதை ஊர் மக்களுக்குத் திரையிடுவது என்று முடிவாயிற்று.

படம் நன்றாக இருந்தது. ஒலிதான் கேட்கும்படி இல்லை. புனல் ஒலிபெருக்கியில் ஓடிய சினிமாப் பாட்டு, காற்றின் இரைச்சல், படம் எடுத்தவரின் அருகில் நின்றவர்கள் பேசிய பேச்சு எல்லாம் ஒன்றாய்க் கலந்திருந்தன. ஒலியை முழுவதும் நீக்கிவிட்டு, திரையிடும்போது மாணவர்களே ஒலிவாங்கியில் வர்ணனை படிக்கலாம் என்று எட்டாம் வகுப்பு முடிவு செய்தது. வகுப்பில் 23 பேர். அந்த வர்ணனையை எழுத எங்களுக்கு ஒன்பது பாடவேளைகள் ஆயின. அதில் கற்றதையும் தவறியதையும் இங்கே எழுதுகிறேன். மாணவர்களின் பெயர்களைத் தவிர்த்து, சட்டை எண்ணையும் அணியின் நிறத்தையும் மட்டும் குறிப்பிடுகிறேன்.

இது புதிய வழக்கம் அன்று. 1931இல் 'காளிதாஸ்' வெளிவந்து தமிழ்ப் படம் பேசத் தொடங்குவதற்கு முன், மௌனப் படம் ஓடும் கொட்டகைகளில் ஒருவர் திரையருகே நின்று கதையைச் சொல்லுவார். ஜப்பானில் அப்படிச் சொல்பவர்களுக்குப் 'பென்ஷி' என்று பெயர். படத்தைவிட அவர்களின் குரலுக்காகவே கூட்டம் கூடியதுண்டு. இதை வகுப்பில் சொன்னதும் ஒரு மாணவி, "அப்ப நாங்க படத்துக்கு வாய் ஐயா" என்றாள். அந்தச் சொல் எங்கள் வகுப்பில் நிலைத்துவிட்டது.

வானொலி வர்ணனை வேறு, பட வர்ணனை வேறு

முதல் நாள் படத்தை ஒருமுறை காட்டிவிட்டு, குழுக்களாக எழுதச் சொன்னேன். மாணவர்கள் கபடிப் போட்டிகளில் கேட்ட வர்ணனையை மனத்தில் வைத்து எழுதினார்கள். "இதோ வீரர்கள் கோட்டருகே நிற்கிறார்கள். இப்போது விசில் ஊதப்படுகிறது. அனைவரும் வேகமாக ஓடிக்கொண்டிருக்கிறார்கள்." ஒரு குழு ஓட்டப் பந்தயத்துக்கு மட்டும் ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தது.

அதைப் படத்தோடு படித்துப் பார்க்கச் சொன்னேன். ஓட்டம் முடிந்து அடுத்த போட்டி தொடங்கிய பிறகும் படிப்பவர் முதல் பத்தியிலேயே இருந்தார். வகுப்பு சிரித்தது. ஏன் இப்படி ஆயிற்று என்று கேட்டேன். நேரம் போதவில்லை என்றார்கள். அது ஒரு காரணம். மற்றொன்றைக் கண்டுபிடிக்க, "படத்தை நிறுத்திவிடுகிறேன், நீங்கள் எழுதியதை மட்டும் படியுங்கள், பிறகு வர்ணனை இல்லாமல் படத்தை மட்டும் பாருங்கள்" என்றேன். இரண்டாவது முறை முடிந்ததும் ஒருவன் சொன்னான்: "ஐயா, நாங்க எழுதினதெல்லாம் படத்துலயே தெரியுது."

வானொலி கேட்பவருக்குக் கண் இல்லை. அதனால் வானொலி வர்ணனையாளர், யார் எங்கே நிற்கிறார், பந்து எந்தப் பக்கம் போயிற்று என்று எல்லாவற்றையும் சொல்லியாக வேண்டும். படம் பார்ப்பவருக்குக் கண் இருக்கிறது. அவருக்குத் தெரியாதவை வேறு: ஓடுபவர் யார், எதைக் கவனிக்க வேண்டும், விதி என்ன, படம் பிடிக்கப்படாத இடத்தில் என்ன நடந்தது. இந்த நான்கைத் தவிர மற்ற வாக்கியங்களை எல்லாம் அடித்துவிடுவது என்று முடிவு செய்தோம். "அனைவரும் வேகமாக ஓடிக்கொண்டிருக்கிறார்கள்" போனது. அதற்குப் பதில் "மூன்றாம் தடத்தைப் பாருங்கள்" வந்தது.

யார் என்று சொல்வதிலும் ஒரு சிக்கல் இருந்தது. முதல் படியில் ஓடுபவர்களைத் தெருவின் பெயரோடு எழுதியிருந்தார்கள். எங்கள் ஊரில் தெருப் பெயர் தெருவை மட்டும் குறிப்பதில்லை. பல ஊர்களிலும் அப்படித்தான் இருக்கும். ஊர் முழுதும் கூடியிருக்கும் இடத்தில், ஒலிபெருக்கியில், பள்ளியின் குரலில் அது ஒலிக்கக் கூடாது. வகுப்பு, அணி, எண் ஆகிய மூன்றால் மட்டுமே அடையாளம் சொல்வது என்று மாற்றினோம். காரணத்தை நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. அவர்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருந்தது.

நொடியும் சொல்லும்

அடுத்த பாடவேளையில் அளந்தோம். பாடப்புத்தகத்தின் ஒரு பத்தியை நன்றாக வாசிக்கும் ஆறு பேரை ஒவ்வொருவராக வகுப்பறையில் படிக்கச் செய்து, ஒரு நிமிடத்துக்கு எத்தனை சொல் என்று எண்ணினோம். ஏறக்குறைய 100 வந்தது. பின்னர் மைதானத்தில் ஒலிவாங்கியைப் பொருத்தி, எல்லையில் நிற்பவருக்கும் புரியும்படி படிக்கச் சொன்னோம். ஒலி கட்டடச் சுவரில் பட்டுத் திரும்பியதால் ஒவ்வொரு சொல்லையும் சற்று நிறுத்திச் சொல்ல வேண்டியிருந்தது. 80 சொல்லுக்கு மேல் போனால் புரியவில்லை. எனவே 10 நொடிக்கு 13 சொல் என்பது எங்கள் கணக்கு. அதுவும் இடைவிடாமல் பேசினால்தான். பார்ப்பவர்கள் பார்க்கவும் சிரிக்கவும் இடம் வேண்டும். ஆகவே 10 நொடிக்கு ஏழு சொல்லே எழுதுவது என்று வைத்துக்கொண்டோம்.

தமிழில் சொல் எண்ணிக்கை மட்டும் போதாது என்பதும் தெரிந்தது. 'ஓடிக்கொண்டிருக்கிறார்' என்பது ஒரு சொல்தான். ஆனால் அதைத் தெளிவாகச் சொல்ல ஏறக்குறைய ஒன்றரை நொடி ஆகிறது. 'ஓடுகிறார்' அதில் பாதி. படத்தில் ஓட்டம் தெரியும்போது இரண்டுக்கும் பொருளில் வேறுபாடு இல்லை. துணைவினைகளைத் தேடிப்பிடித்துச் சுருக்குவது மாணவர்களுக்கு ஒரு விளையாட்டாகிவிட்டது. இலக்கணப் பாடத்தில் துணைவினை என்று சொன்னபோது வராத ஆர்வம், நொடிமானியைக் கையில் வைத்துக்கொண்டு வந்தது.

இந்தக் கணக்கை 100 மீட்டர் ஓட்டத்துக்குப் போட்டுப் பார்த்தோம். படத்தில் ஓட்டம் 16 நொடி. நம் கணக்குப்படி 11 சொல், மூச்சுவிடாமல் படித்தாலும் 21 சொல். ஓடுபவர்கள் ஆறு பேர். ஒருவருக்குப் பெயர், வகுப்பு, அணி என்று மூன்று சொல் வைத்தாலும் 18 ஆகிவிடும். ஆக, ஓடும்போது ஓடுபவர்களை அறிமுகம் செய்யவே முடியாது. தொடக்கக் கோட்டில் அவர்கள் அசையாமல் நிற்கும்போதே சொல்லிவிட வேண்டும். நல்ல வேளையாக அந்தக் காட்சி 20 நொடிக்கு மேல் இருந்தது.

இதிலிருந்து எங்களுக்குக் கிடைத்த விதி: படம் நிற்கும்போது பேசு, படம் ஓடும்போது சும்மா இரு. பிற்பாடு வந்த பெரிய சிக்கலையும் இந்த விதிதான் தீர்த்தது.

இதற்கு நேர்மாறானது வடம் இழுத்தல். மகளிர் குழு அம்மாக்கள் இரண்டு அணியாக, அணிக்கு எட்டுப் பேர் இழுத்தார்கள். 70 நொடி நேரம் வடம் முன்னும் பின்னும் ஒரு முழம்கூட நகரவில்லை. இங்கே பேசுவதற்கு நிறைய இடம் இருந்தது. நடுவராக வந்திருந்த பக்கத்து உயர்நிலைப் பள்ளி உடற்கல்வி ஆசிரியரிடம் மாணவர்கள் விதியைக் கேட்டு எழுதினார்கள். வடத்தின் நடுவில் ஒரு குறி. அதிலிருந்து இருபுறமும் 4 மீட்டரில் ஒவ்வொரு வெள்ளைக் குறி. எதிரணிப் பக்கத்து வெள்ளைக் குறியைத் தரையிலுள்ள நடுக்கோட்டுக்கு மேல் இழுத்துவிட்டால் வெற்றி. விழா நாளில் பார்த்த பலருக்கும் எப்போது யார் வென்றார்கள் என்று தெரியவில்லை. இந்த விளக்கம் சேர்ந்ததும், அசையாத அந்த 70 நொடியில் பார்ப்பதற்கு ஒன்று கிடைத்தது: வெள்ளைக் குறி.

கட்டை விழுந்த இடம்

படத்தில் எல்லோரும் எதிர்பார்த்திருந்த காட்சி தொடர் ஓட்டம். நான்கு பேர், ஆளுக்கு 100 மீட்டர், எங்கள் 200 மீட்டர் தடத்தில் இரண்டு சுற்று. நீல அணி முதலிரண்டு ஓட்டங்களிலும் முன்னே இருந்தது. இரண்டாவதாக ஓடிய 14ஆம் எண் மாணவன், மூன்றாமவனிடம் கட்டையைக் கொடுக்கும்போது அது கீழே விழுந்தது. அவன் திரும்பிப்போய் எடுத்துக் கொடுத்தான். நீல அணி கடைசியாக வந்தது.

விழா நாளில் ஒலிபெருக்கியில் அறிவித்துக்கொண்டிருந்தவர் ஏதோ வேடிக்கையாகச் சொல்ல, மைதானமே சிரித்தது. அவன் பின்னோக்கி ஓடியதைப் பார்த்து "எங்கடா போற?" என்று கத்தினார்கள். அன்றிலிருந்து அவனுக்குக் 'கட்டை' என்று பெயர் விழுந்துவிட்டது. அவன் எங்கள் எட்டாம் வகுப்பு மாணவன். விழாவுக்குப் பிறகு மாலை விளையாட்டுக்கு வருவதை நிறுத்தியிருந்தான். அது எனக்கு அப்போது தெரியாது.

தொடர் ஓட்டத்தை எழுதிய குழு இப்படி எழுதியிருந்தது: "கட்டையைக் கோட்டை விட்டார் நம் வீரர்!" எதுகை அமைந்ததில் அவர்களுக்குப் பெருமை. படித்ததும் வகுப்பு சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன் என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும்.

அன்று பள்ளி விட்டதும் அவன் என்னிடம் வந்தான். "ஐயா, அந்த இடத்த மட்டும் வெட்டிடச் சொல்லுங்கய்யா. எங்கப்பாவும் படம் பார்க்க வருவாரு" என்றான்.

வெட்டிவிடலாம் என்றுதான் முதலில் எனக்கும் தோன்றியது. ஆனால் அந்த ஒன்பது நொடியை வெட்டினால், முன்னே ஓடிய நீல அணி திடீரென்று கடைசியில் தோன்றும். நடந்ததை ஊரே பார்த்திருக்கிறது. வெட்டினது ஏன் என்று படம் முடிந்ததும் பேச்சு வரும். அதைவிட மோசமானது வேறில்லை. அவனிடம், "வெட்டுவதா வேண்டாமா என்று நாளைக்கு முடிவு செய்வோம். அதற்கு முன் அந்த ஒன்பது நொடியை நாமிருவரும் ஒருமுறை சரியாகப் பார்த்துவிடுவோமா?" என்று கேட்டேன். தயக்கத்தோடு ஒத்துக்கொண்டான்.

கணினியில் கால் மடங்கு வேகத்தில் ஓடவிட்டுப் பார்த்தோம். கட்டை மூன்றாமவனின் உள்ளங்கையில் படுகிறது. அவன் விரல்கள் இன்னும் மூடவில்லை. அதற்குள் 14ஆம் எண்ணின் விரல்கள் திறந்துவிடுகின்றன. கட்டை இருவர் கைக்கும் நடுவே நழுவுகிறது. பல முறை பார்த்தபின் அவனே சொன்னான்: "நான் கொஞ்சம் சீக்கிரம் விட்டுட்டேன் ஐயா. ஆனா அவனும் இன்னும் பிடிக்கல."

"ஏன் திரும்பி ஓடினாய்? அடுத்தவன் எடுத்திருக்கலாமே?" என்று கேட்டேன். "இல்லய்யா, கை மாறலன்னா கொடுக்க வந்தவன்தான் எடுக்கணும். உயர்நிலைப் பள்ளி பி.இ.டி. சார் சொல்லிக்கொடுத்தாரு" என்றான்.

எனக்கு இது புதிது. மறுநாள் அந்த உடற்கல்வி ஆசிரியரிடம் தொலைபேசியில் கேட்டேன். அவன் சொன்னது சரி. கட்டை, வாங்குபவரின் கையில் மட்டும் இருக்கும்போதுதான் கைமாற்றம் முடிந்ததாகக் கணக்கு. அதற்குமுன் விழுந்தால் கொடுக்க வந்தவரே எடுக்க வேண்டும். எடுப்பதற்காகத் தடத்தை விட்டு வெளியே போகலாம். ஓட வேண்டிய தூரம் குறையக் கூடாது, மற்றவர்களுக்கு இடையூறு செய்யக் கூடாது. மூன்றாமவன் எடுத்து ஓடியிருந்தால் நீல அணி போட்டியிலிருந்தே நீக்கப்பட்டிருக்கும். ஊர் எதைப் பார்த்துச் சிரித்ததோ, அந்தப் பின்னோக்கிய ஓட்டத்தால்தான் நீல அணி போட்டியில் தங்கியிருந்தது.

விட்டான், விழுந்தது

அவனிடம் அனுமதி கேட்டுக்கொண்டு, அந்த ஒன்பது நொடியை வகுப்பில் மெதுவேகத்தில் காட்டினேன். பின்னர் மூன்று வாக்கியங்களைக் கரும்பலகையில் எழுதினேன்.

கட்டையைக் கோட்டை விட்டார்.
கட்டையைத் தவறவிட்டார்.
கட்டை விழுகிறது.

மூன்றில் எது நாம் கண்ணால் பார்த்தது என்று கேட்டேன். முதலிரண்டிலும் எழுவாய் அவன். படத்தில் தெரியாத ஒரு தீர்ப்பு அவற்றுக்குள் இருக்கிறது. மூன்றாவதில் எழுவாய் கட்டை. படம் காட்டுவது அதை மட்டும்தான். "அப்ப தப்பு அவன்மேல இல்லைனு சொல்றோமா ஐயா?" என்று ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்வி. இல்லை, யார்மேல் என்று நாம் சொல்லவில்லை, பார்ப்பவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று வகுப்பே முடிவுக்கு வந்தது. 'விழு' தன்வினை என்பதையும், 'வீழ்த்து' என்றால் செய்தவர் ஒருவர் வந்துவிடுவார் என்பதையும் அப்போது சொன்னேன். தன்வினை, பிறவினை பாடத்துக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு இதுவரை எனக்குக் கிடைத்ததில்லை.

அடுத்த சிக்கல் நேரம். விழுந்த கணத்திலிருந்து மூன்றாமவன் ஓடத் தொடங்கும் வரை ஒன்பது நொடி. விதியை அங்கேயே விளக்க எட்டு ஒன்பது சொல் வேண்டும். அதைப் படித்து முடிப்பதற்குள் அவன் எடுத்துக் கொடுத்தே முடித்திருப்பான். மேலும் அந்த நேரத்தில் விளக்கம் சொன்னால் சமாதானம் சொல்வதுபோல் இருக்கும். இரண்டு நாள் இதில் நின்றோம். பிறகு ஒரு மாணவி, "100 மீட்டர்ல பெயரை முன்னாடியே சொன்ன மாதிரி விதியையும் முன்னாடியே சொல்லிடலாம் ஐயா" என்றாள்.

ஒவ்வொரு போட்டிக்கும் முன் போட்டியின் பெயரைக் கரும்பலகையில் எழுதிப் படம் பிடித்துச் சேர்த்திருந்தோம். தொடர் ஓட்டப் பலகையை 12 நொடிக்கு நீட்டச் சொன்னோம். இறுதியில் அந்தப் பகுதி இப்படி அமைந்தது.

அறிவிப்புப் பலகை, 12 நொடி: "அடுத்து நான்கு பேர் ஓடும் தொடர் ஓட்டம். கட்டை கைமாறும்போது கீழே விழுந்தால், கொடுக்க வந்தவரே அதை எடுக்க வேண்டும்."

தொடக்கக் கோடு, 10 நொடி: "நீலம், மஞ்சள், பச்சை, சிவப்பு. நான்கு அணிகள். நீல அணியைக் கவனியுங்கள்."

முதல் ஓட்டம், 16 நொடி: "நீலம் முன்னே." பிறகு அமைதி.

இரண்டாம் ஓட்டம், 15 நொடி: "நீல அணியில் எண் பதினான்கு. மஞ்சள் நெருங்குகிறது." பிறகு அமைதி.

கைமாற்றம், 9 நொடி: "கட்டை விழுகிறது." மூன்று நொடி அமைதி. "பதினான்கு திரும்புகிறார். எடுக்கிறார். கொடுக்கிறார்."

மீதி ஓட்டம்: அமைதி.

முடிவுக் கோடு, 12 நொடி: "மஞ்சள் முதலில். நீலம் நான்காவது. ஓட்டத்தை முடித்த அணிகள் நான்கு."

கடைசி வாக்கியத்தை எழுதியது, எதுகை எழுதிய அதே குழு. வர்ணனையைப் படித்துப் பார்த்தபின் 14ஆம் எண் மாணவன் வெட்டச் சொல்லிக் கேட்கவில்லை.

படிக்கும் இரவுக்கு வேண்டியவை

எழுதியதைப் படிப்பது தனி வேலை. கடிகாரத்தைப் பார்த்துப் படிக்கக் கூடாது என்பதை ஒத்திகையில் கற்றோம். இடையில் இரண்டு நொடி பிசகினால் கடைசி வரை பிசகும். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நேரத்துக்குப் பதில் ஒரு படக்குறியை எழுதினோம்: "விசில்காரர் கையைத் தூக்கும்போது", "கட்டை தரையைத் தொடும்போது".

ஆனால் தாளைப் பார்த்துப் படிப்பவரால் திரையைப் பார்க்க முடியாது. அதனால் படிப்பவருக்குப் பின்னால் திரையை மட்டும் பார்த்துக்கொண்டு ஒருவர் அமர்ந்தார். குறி வந்ததும் படிப்பவரின் தோளைத் தொடுவார். தொட்டால் அடுத்த வாக்கியம். இருவரும் திரையின் பக்கவாட்டில் அல்லாமல், முன்வரிசை ஓரத்தில் அமர்ந்தால்தான் படம் கோணாமல் தெரிகிறது. தோளைத் தொடும் வேலையை 14ஆம் எண் மாணவன் கேட்டு வாங்கிக்கொண்டான். ஒலிவாங்கியில் பேச அவனுக்கு விருப்பமில்லை. படத்தை வகுப்பிலேயே அதிகமுறை பார்த்திருந்தவன் அவன்தான்.

தாளில் ஒருபக்கம் மட்டும், பெரிய எழுத்தில், ஒரு போட்டிக்கு ஒரு தாள் என்று எழுதினோம். மெல்லிய தாள் ஒலிவாங்கியருகே சரசரக்கும்; காற்றில் பறக்கும். பழைய நாட்காட்டி அட்டைகளில் ஒட்டினோம். வாயிலிருந்து நான்கு விரல் தள்ளி ஒலிவாங்கியைப் பிடித்தால் மூச்சுச் சத்தம் விழவில்லை. விளக்குகளை அணைத்த பிறகுதான் தாள் தெரியாது என்பது ஒத்திகையில் நினைவுக்கு வந்தது. ஒரு சிறு டார்ச்சுக்குத் தாள் சுற்றி, வெளிச்சம் அட்டையில் மட்டும் விழும்படி செய்தோம். புனல் ஒலிபெருக்கிக்குப் பதில் ஒரு பெட்டி ஒலிபெருக்கியைத் திரையருகே வைத்தோம். எதிரொலி பாதியாகக் குறைந்தது.

சிரிப்புக்கும் ஓர் ஏற்பாடு வேண்டும். படிப்பவர் நிற்கலாம், படம் நிற்காது. எனவே ஒவ்வொரு போட்டியிலும் விட்டுவிடக்கூடிய வாக்கியங்களை அடைப்புக்குறிக்குள் வைத்தோம். பின்தங்கினால் அவற்றை விட்டுவிட்டு அடுத்த படக்குறிக்குப் போய்விட வேண்டும். அதுவும் தவறினால் அடுத்த அறிவிப்புப் பலகையில் சேர்ந்துகொள்ளலாம். விழா இரவில் சாக்கு ஓட்டத்தின்போது எழுந்த சிரிப்பில் ஏறக்குறைய அரை நிமிடம் எதுவும் கேட்கவில்லை. படித்த மாணவி பதறாமல் நான்கு வாக்கியங்களை விட்டுவிட்டு, பலகை வந்ததும் தொடர்ந்தாள். யாரும் கவனிக்கவில்லை.

தொடர் ஓட்டம் வந்தது. கட்டை விழும் இடத்தில் பின்வரிசையில் சிரிப்பு தொடங்கியது. மூன்று நொடி அமைதி. அவன் தோளைத் தொட்டான். "பதினான்கு திரும்புகிறார். எடுக்கிறார். கொடுக்கிறார்." சிரிப்பு பாதியில் நின்றது. எனக்குப் பின்னால் ஒரு பெரியவர் பக்கத்திலிருந்தவரிடம், "அதான் முன்னாடியே சொன்னாங்கள்ல, அவன்தான் எடுக்கணும்னு" என்றார். கூட்டம் கைதட்டவில்லை, எதுவும் நடக்கவில்லை. படம் அடுத்த போட்டிக்குப் போனது. அடுத்த வாரம் அவன் மாலை விளையாட்டுக்கு வந்தான். 'கட்டை' என்ற பெயர் முழுவதும் போய்விட்டது என்று சொல்ல முடியாது. ஆனால் அப்படிக் கூப்பிடுபவனிடம் விதியைச் சொல்ல இப்போது வகுப்பில் 22 பேர் இருக்கிறார்கள்.

மற்ற வகுப்புகளில் செய்ய விரும்புவோருக்கு

மூன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை ஒரு நிமிடப் படமும் ஒரே போட்டியும் போதும். எலுமிச்சை கரண்டி ஓட்டம் பொருத்தமானது. அதில் வேகம் குறைவு. ஒரு மாணவருக்கு ஒரு வாக்கியம் என்று நான்கு பேர் படிக்கலாம். ஒன்பது, பத்தாம் வகுப்பு மாணவர்கள் கபடியை எடுத்துக்கொள்ளலாம். ஒரு பாடலுக்கு 30 நொடிதான். யார் பாடிப் போகிறார், எதிரே எத்தனை பேர் என்பதைப் பாடுபவர் நடுக்கோட்டைத் தாண்டுவதற்குள் சொல்லி முடித்து, பிறகு வாயை மூடிக்கொள்ளும் பயிற்சி அதில் நன்றாக அமையும்.

படம் எடுப்பவரிடம் முன்கூட்டியே ஒன்றைச் சொல்லி வையுங்கள். ஒவ்வொரு போட்டிக்கும் முன், தொடக்கக் கோட்டில் நிற்பவர்களைக் கையை அசைக்காமல் 20 நொடி படம் பிடிக்கட்டும். இரண்டு மூன்று நொடிக்கு ஒருமுறை காட்சி மாறும் படத்துக்கு இப்படி வர்ணனை எழுத முடியாது. எந்த வாக்கியமும் தன் காட்சியில் முடியாது. எங்கள் படத்திலும் உறியடிப் பகுதி அப்படித்தான் வெட்டப்பட்டிருந்தது. எத்தனை முறை எழுதியும் பொருந்தவில்லை. கடைசியில் அந்தப் பகுதிக்கு வர்ணனையே வைக்காமல், பறை அடிக்கத் தெரிந்த ஓர் ஆறாம் வகுப்பு மாணவனை அடிக்கச் சொன்னோம். அன்றிரவு அதிகமாகப் பேசப்பட்டது அதுதான்.